ஒன்றாம் நம்பர் கணக்கு

ஐந்தரைக்கு எழுகிறேன். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துகிறேன். பல் விளக்குகிறேன். பால் பாக்கெட்டை வெட்டி ஒரு டம்ளர் காய்ச்சுகிறேன். ஐந்தே முக்காலுக்குக் குழாயில் முதலில் காற்று வரும், பிறகு கொஞ்சம் கலங்கல், பிறகு தண்ணீர். இரண்டு குடம் பிடிக்கிறேன். முன்பு ஐந்து. இடது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன என்பதால் குடத்தின் கழுத்தை வலது கையால் பிடித்துத் தூக்குகிறேன். ஆறேகாலுக்குத் தொட்டி இயக்குகிற வீரலட்சுமி எங்கள் தெரு வால்வை அடைத்துவிட்டுக் கீழத் தெரு வால்வைத் திறப்பாள். கீழத் தெருவுக்குக் குழாய் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

அந்தக் குழாய்க்குப் பணம் வந்த வழியை எழுதுகிறேன்.

என் மனைவி நாகஜோதி பூவாணியேந்தல் ஊராட்சியின் தலைவர். பி.எஸ்ஸி. கணிதம். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, படித்தவள், வாய் பேசாதவள் என்று என் பெரியப்பா முனியசாமிதான் அவளை நிறுத்தினார். அவர் துணைத் தலைவர் ஆனார். படித்தவள் என்பது மட்டும் சரியாக இருந்தது.

ஊராட்சிப் பணம் ஒன்றாம் நம்பர் கணக்கில் இருக்கும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், குத்தகை எல்லாம் அதில்தான் சேரும். மாநில நிதி ஆணையம் சிபாரிசு செய்து அரசு தரும் மாதாந்தர மானியமும் அதற்கே வரும். அதிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பெரியப்பாவுக்கு அந்தக் கையெழுத்து போதுமானதாக இருந்தது.

ஒருநாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நிதி ஆணையத்துக்குப் போகிற விவரம். மூன்று வருடச் சொந்த வருவாயைத் தலைப்பு வாரியாக எழுத வேண்டும். ஊராட்சிச் செயலர் பிரபாகரன் போன தடவைப் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். மரம், மீன் குத்தகை என்ற இடத்தில் மூன்று வருடத்துக்கும் சுழி.

"இது ஏன் சார் சுழி?" என்றாள் நாகஜோதி.

"எப்பயும் சுழிதாம்மா."

"ஊருணிக் கரையில, மேய்ச்சல் பொறம்போக்குல இருக்குற கருவேல மரம் யாரோடது?"

"ஊராட்சியோடது."

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வெட்டி மூட்டம் போடுறாகளே, அந்தப் பணம்?"

பிரபாகரன் பேனாவை மூடினார். "தலைவரம்மா, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சீமைக்கருவேலத்தை ஊராட்சி அல்ல, ஊர்ப்பொது ஏலம் விடும். பணம் கோயிலுக்கு. ஏலம் எடுப்பது எப்போதும் பெரியப்பாவின் மகன் வேல்ராஜ். கரி மூட்டம் போட்டு லாரியில் ஏற்றுவான். ஒன்றரை லட்சத்துக்குக் கரி விற்றால் கோயிலுக்கு முப்பதாயிரம் வரும். அதில் கிடா வெட்டு.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னாள். "மானியம் மாசம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ வருது. தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு. எந்தத் தலை தெரியுமா? ரெண்டாயிரத்துப் பதினொன்னுல எண்ணுன தலை. அதுக்கப்பறம் பொறந்ததெல்லாம் தண்ணி குடிக்காதாக்கும்."

"நல்லாருக்கு."

"கரண்டுக்கும் காவிரித் தண்ணிக்கும் மொதல்லயே பிடிச்சுக்கிறாக. தொட்டி ஆளு சம்பளம், தெரு கூட்டுறவுக சம்பளம், பல்பு, பிளீச்சிங் பவுடர். மிச்சம் ஆறாயிரம். இதுல கீழத் தெருவுக்கு அறுநூறு மீட்டர் குழாய எங்கிட்டுப் போடுறது? நம்ம கையில நாமளா சம்பாரிக்கிற காசு அந்த மரம் ஒன்னுதாங்க."

"பெரியப்பாகிட்ட பேசிப் பாக்கலாம்."

"பேசுங்க. ஆனா தீர்மானம் போடப் போறேன்."

நான் பேசவில்லை. பதினைந்து நாளில் அவர்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கோயில் முன்னால் ஊர்ப்பொதுக் கூட்டம். கோயில் வரி கொடுக்கும் தலைக்கட்டுகள் மட்டும். கீழத் தெரு கிடையாது. எங்கள் வீட்டுத் தலைக்கட்டு நான். வேல்ராஜுக்கு முப்பத்தைந்தாயிரத்துக்கு ஏலம் முடிந்தது என்று பெரியப்பா அறிவித்தார். எதிர் ஏலம் கேட்க ஆள் இல்லை. பிறகு வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது.

இங்கே காகிதம் கிடையாது. வெற்றிலைதான். பிடிக்காதவன் தட்டைத் தொடாமல் அடுத்தவனுக்குத் தள்ளிவிடலாம். யோசிக்க வேண்டும் என்றால் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்தால் குற்றமில்லை. மென்றுவிட்டால் அந்த வீடு வாக்குக் கொடுத்துவிட்டது. பிறகு மாறினால் அந்த வீட்டோடு யாருக்கும் பேச்சு இல்லை. என் தாத்தா காலத்தில் மாறின ஒருவனின் வைக்கோல் படப்பைக் கொளுத்தியிருக்கிறார்கள்.

பெரியப்பா தட்டை என் முன்னால் அவரே நீட்டினார். "ஏலே, நீ படிச்சவன். ஒன் வீட்டுல என்னமோ படிவம் கிடிவம்னு ஓடுதாம். எனக்கு அதெல்லாம் வேணாம். நீ எடு. ஊரு பாக்கட்டும்."

நாற்பது பேர் பார்த்தார்கள். எடுத்தேன். சட்டைப்பையில் வைக்கலாம் என்று கை போனது. வேல்ராஜ் சிரித்தான். "தம்பி பொண்டாட்டிக்குக் கொண்டு போறான்டோய்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயில் போட்டு மென்றேன்.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஊருணியில் இறங்கி வாய் கொப்பளித்தேன். மூன்று தடவை. அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தேன்.

தீர்மானம் அவள் ஓட்டையும் சேர்த்து நான்குக்கு மூன்றில் நிறைவேறியது. வனத்துறையினர் வந்து மரங்களை மதிப்பிட்டார்கள். குறைந்தபட்ச ஏலத் தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று நிர்ணயம் ஆனது. பிரபாகரன் ஏல அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டினார். நிபந்தனைகள் ஏழு. நான்காவது: ஊராட்சிக்கு வரி பாக்கி உள்ளவர் கலந்துகொள்ள முடியாது.

வேல்ராஜ் பைக்கில் வந்தான். அறிவிப்பைப் படித்தான். பிரபாகரனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து முகத்தை அந்தச் சுவரிலேயே மூன்று முறை மோதினான். அறிவிப்பின் மேல் ரத்தமும் ஒரு பல்லும் ஒட்டின. அந்தப் பல்லை வீரலட்சுமிதான் முந்தானையில் எடுத்து வந்து நாகஜோதியிடம் கொடுத்தாள். வேல்ராஜ் போகிற வழியில் மோட்டார் அறைக் கதவை உடைத்து ஸ்டார்ட்டர் பெட்டியைக் கடப்பாரையால் நொறுக்கினான். தடுத்த வீரலட்சுமியின் தோளில் அடி. எலும்பு முறிந்தது.

சாயல்குடி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். குடும்பத் தகராறு என்று எழுதிக்கொண்டார்கள்.

பிரபாகரன் மருத்துவ விடுப்பில் போனார். நாகஜோதி புது அறிவிப்பை அவள் கையாலேயே எழுதி ஒட்டினாள். நான்காவது நிபந்தனையை மட்டும் சிவப்பு மையில் எழுதினாள்.

"இது வேணுமா?" என்று கேட்டேன்.

"அவரு கரிக் கொட்டகைக்கு நாலு வருசமா வரி கட்டல. ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது ரூவா. கட்டிட்டு வந்து ஏலத்துல நிக்கட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

"கட்ட மாட்டான்."

"அப்ப நிக்க மாட்டாரு."

அன்று சொல்லியிருக்கலாம். அவள் சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

ஏலம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால். ஒன்றியத்திலிருந்து துணை பி.டி.ஓ. வந்தார். ஒரு காவலர் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியூர்க்காரர்கள் நால்வர் முன்வைப்புத் தொகைக்கான டி.டி.யோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஏர்வாடிப் பக்கத்துக் கரி வியாபாரி வாவு முகம்மதுவும் ஒருவர். வயது அறுபது. அவரோடு கணக்குப் பார்க்கிற ஒருவர்.

வேல்ராஜ் ஆறு பேரோடு வந்தான். பெரியப்பா பின்னால் நின்றார்.

"ஏத்தா தலைவரு, பேர எழுது."

"வரி ரசீது குடுங்க மச்சான், எழுதுறேன்."

"எங்கிட்டயா ரசீது கேக்குற?"

"எல்லாருகிட்டயும் கேட்டேன். எங்க வீட்டு ரசீது கூட இந்தா இருக்கு."

"எங்கப்பன் ஒக்கார வச்ச நாக்காலிடீ அது."

"நாக்காலி மாமா வச்சதுதான். மரம் மாமா வச்சதில்லயே. ஆட்டுப் புழுக்கையில மொளச்சது."

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். கீழத் தெருப் பஞ்சம்மாள். வேல்ராஜ் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

பெரியப்பா முன்னால் வந்தார். குரல் உயரவில்லை. "ஆத்தா, வேணாம். இந்தக் காசுல கீழத் தெருவுக்குக் குழாய் போடப் போறியாமே. ஊரு பணத்துலயா? சொல்லிட்டேன். நீ குழாய் போடு, செக்குல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேணாம் மாமா. கலெக்டருக்கு எழுதுவேன். காரணமில்லாம மறுத்தா ஒங்க கையெழுத்துக்குப் பதிலா ஆபீசரு போடுவாக. விதி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அவள் முகத்தை அல்ல, என்னை. நான் தரையைப் பார்த்தேன்.

துணை பி.டி.ஓ. ஏலத்தை ஆரம்பித்தார். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு வாவு முகம்மது கேட்டார். ஒரு தரம். ரெண்டு தரம். மூன்று தரம் என்று முடிப்பதற்குள் ஒரு நாற்காலி பறந்து வந்தது. வாவு முகம்மதின் கணக்கருக்கு நெற்றி பிளந்தது. வேல்ராஜின் ஆட்கள் மேசையைக் கவிழ்த்தார்கள். காவலரின் தொப்பியை ஒருவன் மிதித்தான். வாவு முகம்மது ரத்தம் வடிந்தவரைத் தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ், இருங்கப்பா, இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாகஜோதி கவிழ்ந்த மேசைக்கு அடியிலிருந்து ஏலப் பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கையை ஒருவன் மிதித்தான். விடவில்லை.

"மூணு தரம்" என்றார் துணை பி.டி.ஓ., அலுவலகத்துக்குள் நின்று, ஜன்னல் வழியாக.

வாவு முகம்மது போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக வங்கிக்குப் போய், மாலை நான்கு மணிக்கு மீதித் தொகைக்கான டி.டி.யோடு வந்தார்.

"மகளே, நானும் கரி யாவாரிதான். இந்த மாதிரி ஆளுககிட்ட முப்பது வருசமா கரி வாங்குறேன். எங்கயும் எனக்கு யாரும் ரசீது குடுத்ததில்ல. குடு, பாப்போம்."

அவள் வீங்கிய கையால் ரசீது எழுதினாள். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அன்று இரவு அவள் சீக்கிரம் தூங்கிவிட்டாள். நான் கதவுக்குப் பக்கத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தோம். மோட்டார் உடைந்திருந்ததால் தண்ணீர் வரவில்லை. மிச்சம் இருந்த குடத்தில் குளித்தோம். அவள் சலானைப் பூர்த்தி செய்தாள். ஒன்றாம் நம்பர் கணக்கு. மூன்று வருடச் சுழிக்குப் பிறகு முதல் வரவு என்று அவள் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

"பெரியப்பா கையெழுத்து இல்லாம கட்ட முடியுமா?" என்றேன்.

"கட்டுறதுக்கு ஒரு கையெழுத்தும் வேணாங்க. எடுக்கத்தான் ரெண்டு."

சாயல்குடிக்குப் பைக்கில் போனோம். அரிவாளை வீட்டில் வைத்துவிட்டேன். பகல்தானே என்று நினைத்தேன். மேய்ச்சல் புறம்போக்கைத் தாண்டும் இடத்தில் சாலைக்கு இரண்டு பக்கமும் கருவேலம் நெருக்கமாக இருக்கும். ஏலத்தில் போன அதே மரங்கள். அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டு வாய் இன்னும் ஈரமாக இருந்தது. பிரேக் பிடித்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். வேல்ராஜ் முகத்தை மறைக்கவில்லை. என்னை ஒருவன் பைக்கோடு சேர்த்துத் தள்ளினான். இன்னொருவன் என் முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

"அந்தக் காகிதத்தக் குடு" என்றான் வேல்ராஜ்.

அவள் பையைப் பின்னால் மறைத்தாள். "வழிய விடுங்க மச்சான்."

அவன் பையைப் பிடுங்கினான். டி.டி.யை எடுத்து நாலாகக் கிழித்து எறிந்தான். அவள் அழவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள்: "டி.டி.யக் கிழிச்சா காசு கிழியாது மச்சான். பாங்க்ல வேற குடுப்பாக."

அது உண்மை. அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் முகம் மாறியதை நான் தரையிலிருந்து பார்த்தேன். முந்தின நாள் ஊர் முன்னால் நடந்ததற்குக் காகிதத்தைக் கிழித்துச் சரிக்கட்டலாம் என்று வந்தவன். கிழித்தும் ஒன்றும் ஆகவில்லை.

"வாக்கு மாறுன வீடுடி ஒங்க வீடு. ஒம் புருசன் எங்கப்பன் தட்டுல வெத்தல எடுத்தவன்! கேளு அவன! ஊரே பாத்துச்சு. வெத்தல எடுத்துட்டு, பொண்டாட்டிய விட்டு ஏலம் விடுறான் பொட்டப் பய!"

முதல் வெட்டு அவள் தோளில் விழுந்தது. நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. முதுகில் இருந்தவன் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். வழக்கில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது வெட்டு இறங்கும்போது அரிவாளை இடது கையால் பிடித்தேன். பிடித்தது வெட்டுகிற பக்கம். சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. வேல்ராஜ் என் முகத்தில் உதைத்தான். மூன்றாவது அவள் கழுத்துக்குக் கீழே.

ஏதோ லாரிச் சத்தம் கேட்டு ஓடினார்கள். அது மாரியூருக்கு ஐஸ் கொண்டு போகிற வண்டி. ஓட்டுநர் இறங்கி, பார்த்து, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். பிறகுதான் நூற்றெட்டுக்குப் போன் செய்தார்.

பின்னால் நடந்தவை இவை. வேல்ராஜ் மதுரைச் சிறையில் இருக்கிறான். பெரியப்பாவைச் சதி என்று பிடித்தார்கள், ஜாமீனில் வந்துவிட்டார். எதிர் வீடு. காலையில் குழாயடியில் பார்க்கிறோம். ஊர்ப்பொது எங்கள் வீட்டோடு பேசுவதில்லை. வாக்கு மாறின வீடு. அவள் பிணத்துக்கு ஊரில் யாரும் தோள் கொடுக்கவில்லை. கீழத் தெருவிலிருந்து வந்தார்கள். ஒரு கையில் கட்டோடு வீரலட்சுமி கூடவே நடந்தாள். வாவு முகம்மது சுடுகாட்டு எல்லை வரை வந்து நின்றார்.

தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் அப்போது சிறையில் என்பதால், கலெக்டர் உத்தரவில் பி.டி.ஓ. ஒன்றாம் நம்பர் கணக்கில் கையெழுத்துப் போட்டார். வாவு முகம்மது வங்கியில் எழுதிக் கொடுத்து மறு டி.டி. வாங்கிக் கட்டினார். இருபத்தாறு நாள் ஆயிற்று. அந்தப் பணத்தில் ஸ்டார்ட்டர், அறுநூறு மீட்டர் குழாய், பதினொரு பொதுக்குழாய். பிரபாகரன் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அடுத்த படிவத்தில் மரக் குத்தகை என்ற இடத்தில் 3,12,000 என்று எழுதி எனக்குக் காட்டினார்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். "ஊர்ச் சொத்து ஊருக்கே" என்று சொல்லி உயிர் விட்டதாக ஒரு பத்திரிகை போட்டது. கீழத் தெருவில் வைத்த படத்துக்குக் கீழேயும் அதையே எழுதியிருக்கிறார்கள். "தண்ணி, தண்ணி" என்று கேட்டதாக ஐஸ் வண்டிக்காரர் சொல்கிறார். அவர் அப்போது சாலையின் அந்தப் பக்கம் இருந்தார். நீதிமன்றத்தில் வக்கீல் கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது பொய்.

அவள் தலை என் மடியில் இருந்தது. என் கையில் வழிந்த ரத்தமும் அவள் ரத்தமும் தனியாகத் தெரியவில்லை. கிழிந்த காகிதம் பக்கத்து முள்ளில் மாட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள். "வெத்தலைய மென்னுட்டீங்களா?"